முதல் 20 தனிமங்கள் பாட்டு வீடியோ: பாடத் தெரிகிறது, 17 எது என்றால் சொல்லத் தெரியவில்லை

சாக்பீஸ்_டீச்சர்

வணக்கம். வீட்டிலேயே மாலையில் டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் 14 பேர், எல்லோரும் தமிழ் வழி. முதல் 20 தனிமங்களை வரிசையாக மனப்பாடம் செய்வதற்குள் அழுதுவிடுகிறார்கள் என்று போன மாதம் ஒரு பாட்டு எழுதி, என் மகளைப் பாட வைத்து, போனிலேயே வீடியோ செய்தேன். ஐந்து ஐந்தாக நான்கு வரி:

ஹைட்ரஜன் ஹீலியம் லித்தியம் பெரிலியம் போரான்
கார்பன் நைட்ரஜன் ஆக்சிஜன் ஃபுளூரின் நியான்
சோடியம் மெக்னீசியம் அலுமினியம் சிலிக்கான் பாஸ்பரஸ் (பார் தம்பி)
சல்பர் குளோரின் ஆர்கான் பொட்டாசியம் கால்சியம் (கேள் தம்பி)

முதல் இரண்டு வரியும் போரான், நியான் என்று தானாகவே ஒரே ஓசையில் முடிந்தது. அடுத்த இரண்டுக்கு எதுவும் அமையவில்லை, அதனால் பார் தம்பி, கேள் தம்பி என்று சேர்த்தேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 12 நொடியில் கடகடவென்று பாடிவிடுகிறார்கள், வீட்டில் தம்பி தங்கைகள்கூடப் பாடுகிறார்களாம்.

போன வாரம் சின்னதாக ஒரு தேர்வு வைத்தேன். ‘அணு எண் 17 உடைய தனிமம் எது, அதன் எலக்ட்ரான் அமைப்பு என்ன’ என்று ஒரே கேள்விதான். எல்லோரும் உதட்டை அசைத்துக்கொண்டு ஹைட்ரஜனில் இருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். சரியாக எழுதியது 5 பேர். பாட்டில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, பிறகு ஏன் இப்படி என்று புரியவில்லை. பாட்டை மாற்றுவதா, வீடியோவை மாற்றுவதா? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு_பிள்ளை_அம்மா

டீச்சர், என் பெரியவளுக்கும் இப்படித்தான் இருந்தது. ஆறாவதில் மாநிலங்கள், தலைநகரங்கள் பாட்டு. முதலில் திணறினாள், தினமும் காலையில் பல் தேய்க்கும்போது போட்டுவிட்டேன், ஒரு மாதத்தில் எந்த மாநிலம் கேட்டாலும் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள் பாடட்டும், தானாக வந்துவிடும்.

பீக்கர்_60

அம்மா சொல்வது தலைநகரங்களுக்குப் பொருந்தும். அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் தலைநகரோடு ஜோடியாகப் பாட்டில் வருகிறது, மாநிலத்தின் பெயரைக் கேட்டதுமே ஜோடியின் மறுபாதி வாயில் வந்துவிடும். இங்கே கேள்வி ‘17’ என்று எண்ணில் வருகிறது, பாட்டிலோ எண்ணே இல்லை. ஆயிரம் தடவை பாடினாலும் 17 என்றதும் குளோரின் வராது, முதலில் இருந்து எண்ணித்தான் ஆக வேண்டும்.

டீச்சர், பதில் சொல்வதற்கு முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும். தப்பாக எழுதிய 9 பேரும் என்ன எழுதினார்கள்? ஆளுக்கு ஒன்று எழுதினார்களா, ஒரே தப்பா? அப்புறம் அவர்களிடம் 12, 14 கேட்டுப் பாருங்கள். நான் 31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். தப்பு எங்கே விழுகிறது என்று பார்த்தால் பாட்டின் கோளாறு தானாகத் தெரியும்.

சாக்பீஸ்_டீச்சர்

சார், இன்று கேட்டுப் பார்த்தேன், ஆச்சரியமாக இருக்கிறது. 9 பேரில் 7 பேர் ‘சல்பர்’ என்றே எழுதியிருக்கிறார்கள். 12, 14 கேட்டால் நேரம் எடுக்கிறார்கள், ஆனால் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். 16க்கு மேல் போனால்தான் தடுமாறுகிறார்கள்.

பீக்கர்_60

அப்படியென்றால் குற்றவாளி ‘பார் தம்பி’.

பிள்ளைகள் தனிமத்தை எண்ணவில்லை, தட்டை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரல் மடங்குகிறது, பாஸ்பரஸில் 15 முடிந்ததும் ‘பார் தம்பி’ வருகிறது, அதற்கும் தாளத்தில் ஓர் இடம் இருப்பதால் விரல் தானாக மடங்கிவிடுகிறது. அது 16 ஆகிவிட்டால் சல்பர் 17. ஏழு பேரும் ஒரே தப்பைச் செய்ததற்கு அதுதான் காரணம். ஓசை நிரப்ப ஒரு சொல்லைப் போட்டால் அதுவும் பட்டியலில் ஒன்றாகிவிடும், வரிசை எண் கேட்கிற பாட்டில் அது கூடவே கூடாது.

அதை எடுத்துவிட்டால் இந்தத் தப்பு போய்விடும், ஆனாலும் ஹைட்ரஜனில் இருந்து எண்ணுகிற வேலை அப்படியே இருக்கும். அதற்கு வரியை வெட்டுகிற இடத்தை மாற்ற வேண்டும். ஐந்து ஐந்தாக வெட்டியது ஓசைக்கு வசதி, வேதியியலுக்கு அதில் ஒன்றும் இல்லை. 2, 8, 8, 2 என்று வெட்டிப் பாருங்கள்:

ஹைட்ரஜன் ஹீலியம்
லித்தியம் பெரிலியம் போரான் கார்பன் நைட்ரஜன் ஆக்சிஜன் ஃபுளூரின் நியான்
சோடியம் மெக்னீசியம் அலுமினியம் சிலிக்கான் பாஸ்பரஸ் சல்பர் குளோரின் ஆர்கான்
பொட்டாசியம் கால்சியம்

இப்போது வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம், மூன்றும் ‘இயம்’ என்று முடிகின்றன. இரண்டாவது இடத்தில் பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், அதுவும் இயம். ஏழாவது இடத்தில் ஃபுளூரின், குளோரின். கடைசியில் நியான், ஆர்கான். நீங்கள் தேடின ஓசை பெயர்களிலேயே இருக்கிறது, ஒரே தொகுதியில் இருக்கிறவை பல இடங்களில் ஒரே ஓசையில் முடிகின்றன. நம் பெயர்களில் அப்படி அமைந்துவிட்டது, ‘பார் தம்பி’க்குத் தேவையே இல்லை.

இப்போது 17 கேளுங்கள். முதல் இரண்டு வரியும் சேர்ந்து 10. 17இல் 10 போனால் 7. மூன்றாவது வரியில் ஏழாவது, அதாவது ஆர்கானுக்கு ஒன்று முன்னால், குளோரின். எலக்ட்ரான் அமைப்பும் அதே கணக்கில் வந்துவிடுகிறது: மேலே இருக்கிற வரிகள் 2, 8, இந்த வரியில் அவன் நிற்கிற இடம் 7. ஆக 2, 8, 7. தனியாக இன்னொன்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தேர்வுத்தோழன்

அருமையான இழை. நானும் இதே பிரச்சினையில் இருக்கிறேன். குரூப் 4க்குப் படிக்கிறேன், தமிழ்நாட்டு ஆறுகள் வடக்கில் இருந்து தெற்கு வரை வரிசை கேட்டால் குழம்பிவிடுகிறது. பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி. ‘பா தெ கா வை தா’ என்று வைத்திருக்கிறேன். இதையும் 2, 8 மாதிரி எப்படி வெட்டுவது? யாராவது ஒரு பாட்டு எழுதித் தந்தால் உதவியாக இருக்கும்.

பீக்கர்_60

தம்பி, ஆறுகளுக்கு 2, 8 எல்லாம் கிடையாது, அது தனிமங்களின் அமைப்பில் இருந்து வந்தது. உங்கள் ஐந்து எழுத்தே போதும், ஆனால் வெறும் எழுத்தாக வைக்காதீர்கள். வரைபடத்தில் கடற்கரையை விரலால் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த ஆறு கடலில் சேருகிற இடத்தில் விரலை நிறுத்துங்கள். தென்பெண்ணைக்குக் கடலூர், காவிரிக்குப் பூம்புகார், தாமிரபரணிக்குப் புன்னைக்காயல். நடுவில் இருந்து கேட்டாலும் விரல் அந்த இடத்துக்குப் போய்விடும்.

தனியாவர்த்தனம்

நான் மிருதங்கம் வாசிக்கிறவன், வேதியியல் பத்தாவதோடு சரி. ஆனால் பீக்கர் சார் எட்டு எட்டாக வெட்டினதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. எட்டு என்றால் ஆதி தாளம்தானே? ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அதோடு நாலு. அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அதோடு எட்டு.

லித்தியம் தட்டில் விழும், பெரிலியம் சுண்டு விரல், போரான் மோதிர விரல், கார்பன் நடு விரல், நைட்ரஜன் தட்டு, ஆக்சிஜன் வீச்சு, ஃபுளூரின் தட்டு, நியான் வீச்சு. அடுத்த ஆவர்த்தனத்தில் சோடியம் மறுபடி தட்டில். சிலிக்கான் மறுபடி அதே நடு விரலில் விழும். பிள்ளைக்குக் கையே சொல்லிக்கொடுத்துவிடும்.

பத்தாவதில் படித்த ஞாபகம், நியூலாண்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர் எண்ம விதி என்று இதைத்தான் சொன்னார், ச ரி க ம ப த நி முடிந்து மறுபடி ச வருவதைப்போல எட்டாவது தனிமம் முதல் தனிமம் மாதிரியே இருக்கும் என்று. அப்படியானால் லித்தியத்தை ச, பெரிலியத்தை ரி என்று ஸ்வரத்திலேயே போட்டுவிடலாமே? மூன்றாவது கூட்டிலும் எட்டு எலக்ட்ரான்தான் கொள்ளும் என்பதால் அது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும்.

பீக்கர்_60

தனியாவர்த்தனம், ஆதி தாளம் எனக்குத் தோன்றவே இல்லை, இத்தனை வருடம் நடத்தியும். டீச்சர், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஸ்வரம் வேண்டாம். நியூலாண்ட்ஸ் 1865இல் அதைச் சொன்னபோது நியான், ஆர்கான் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆர்கான் 1894இல்தான் தெரிய வந்தது, நியான் 1898இல். அதனால் அவர் கணக்கில் லித்தியத்தில் இருந்து எட்டாவது சோடியம். இன்றைக்கு நடுவில் நியான் வந்து உட்கார்ந்துவிட்டதால் சோடியம் ஒன்பதாவது. நீங்கள் ஸ்வரத்தில் போட்டால் மேல் ச-வில் நியான் விழும், லித்தியமும் நியானும் ஒரே ஸ்வரம் என்றால் பிள்ளை இரண்டும் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்வான். ஒன்று தண்ணீரைத் தொட்டாலே வினைபுரிகிற உலோகம், இன்னொன்று எதோடும் சேராத வாயு. தாளத்தில் அந்த ஆபத்து இல்லை, எட்டு முடிந்து ஒன்பதாவது தட்டில் சரியாகச் சோடியம் விழுகிறது.

மூன்றாவது கூட்டில் எட்டுதான் கொள்ளும் என்பதும் சரியில்லை. 18 கொள்ளும். ஆனால் எட்டு நிரம்பியதும் அடுத்த இரண்டு எலக்ட்ரான் நாலாவது கூட்டுக்குப் போய்விடுகிறது, அதுதான் பொட்டாசியமும் கால்சியமும். மூன்றாவது கூட்டின் மிச்சம் 10 இடம் அதன் பிறகுதான் நிரம்புகிறது, ஸ்காண்டியத்தில் இருந்து துத்தநாகம் வரை. அதனால் இந்தத் தாளம் 20 வரைதான் செல்லும். கால்சியத்தோடு சுண்டு விரலில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் போனால் 21 மோதிர விரலில், போரான், அலுமினியத்துக்குக் கீழே விழும். அங்கே உண்மையில் இருக்க வேண்டியது 31, காலியம். கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் இதைக் கேட்பான், தயாராக இருங்கள்.

சாக்பீஸ்_டீச்சர்

இரண்டு பேருக்கும் நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டையும் தாளத்தில் எங்கே போடுவது? தட்டு, சுண்டு விரல் என்று போட்டால் ஹீலியம் பெரிலியத்தின் இடத்தில் வந்துவிடுகிறதே.

தனியாவர்த்தனம்

ஹைட்ரஜனை முதல் தட்டில் சொல்லுங்கள், ஹீலியத்தைக் கடைசி வீச்சில். நடுவில் ஆறு எண்ணிக்கை வாயை மூடிக்கொண்டு கையால் மட்டும் போடட்டும். எங்களுக்கு அது புதிதல்ல, கச்சேரியில் சும்மா விடுகிற இடத்திலும் கை எண்ணிக்கொண்டேதான் இருக்கும்.

பீக்கர்_60

அட்டவணையில் இருப்பதும் அப்படித்தான். ஹைட்ரஜன் இடது ஓரம், ஹீலியம் வலது ஓரம், நடுவில் வெற்றிடம். ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள், ஹீலியம் எட்டாவது இடத்தில் நின்றாலும் அதன் எலக்ட்ரான் 2தான். நியான், ஆர்கான் மாதிரி எதோடும் சேராதவன் என்பதால் அந்த வரிசையில் நிற்கிறான். அதேபோல அடுத்த வரிக்குக் கணக்குப் போடும்போது அந்த மௌனமான ஆறையும் சேர்த்து எண்ணிவிடக் கூடாது, கழிக்க வேண்டியது 2தான்.

நல்லூரான்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன் ரீச்சர். உங்கள் பாட்டை இங்கே தரம் 10 பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஆசையாக வந்தேன், ஆனால் பெயர்கள் இடிக்கின்றன. எங்கள் புத்தகத்தில் ஐதரசன், காபன், நைதரசன், ஒட்சிசன், பொசுபரசு, கந்தகம், பொற்றாசியம், கல்சியம் என்றுதான் இருக்கும். ஹைட்ரஜன் என்று பாடிப் பழகிய பிள்ளை பரீட்சையில் ஐதரசன் என்று வாசித்தால் ஒரு கணம் யோசிப்பான்.

முதலெழுத்தை வைத்து வாக்கியம் அமைத்திருந்தால் எங்களுக்கு முழுவதும் வீணாகியிருக்கும், ஹை என்பது எங்களுக்கு ஐ. ஆனால் தாளத்தில் போட்டிருப்பதால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், இடம் மாறாதே. கந்தகம் சல்பரைவிடக் கொஞ்சம் நீளம், ஓர் எண்ணிக்கைக்குள் அடங்குமா?

தனியாவர்த்தனம்

தாராளமாக அடங்கும் அண்ணே. ஓர் எண்ணிக்கையை நாலாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், கந்தகத்துக்கு அது போதும். உண்மையில் சிரமம் அலுமினியத்தில்தான் இருக்கிறது. வேகம் கூடினால் பிள்ளைகள் ‘அலுமியம்’ என்று விழுங்கிவிடுவார்கள், பெரிலியமும் ‘பெர்லியம்’ ஆகிவிடும். டீச்சரின் 12 நொடி ரொம்ப வேகம். நொடிக்கு ஓர் எண்ணிக்கை என்று வைத்தால் மூன்று ஆவர்த்தனத்துக்கு 24, கடைசி இரண்டும் சேர்த்து 26 நொடி. அதைவிட வேகமாக வேண்டாம்.

ஃப்ரேம்_ஃப்ரேமாக

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், பள்ளிக்கு ஒன்றிரண்டு பாட வீடியோவும் செய்து கொடுத்திருக்கிறேன். படத்தைப் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் சொல்கிறேன். டீச்சர் வீடியோவை நிமிர்த்தின போனில், நெட்டையாக எடுத்திருக்கிறீர்களா? எட்டுக் கட்டம் ஒரே வரிசையில் வர வேண்டும் என்றால் அது சரிப்படாது. ஒவ்வொரு கட்டமும் விரல் நகம் அளவுக்கு ஆகிவிடும், எழுத்து தெரியாது. அதற்காக நாலு நாலாக மடித்தால் நைட்ரஜன் லித்தியத்துக்குக் கீழே வந்துவிடும், பார்க்கிற பிள்ளை இரண்டும் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு வெட்டின வரி படத்தில் உடைந்துபோகும். போனைப் படுக்க வைத்து எடுங்கள்.

இரண்டாவது, பெயர் காதில் விழுகிற அதே நொடியில் கட்டம் நிரம்ப வேண்டும். முன்னாலேயே எல்லாக் கட்டத்தையும் எழுதிக் காட்டினால் பிள்ளை வாசிக்கத்தான் செய்யும், ஞாபகத்தில் இருந்து எடுக்காது. ஒரே பாட்டை மூன்று தடவை போடுங்கள். முதல் தடவை எல்லாம் எழுதி, குரலோடு. இரண்டாம் தடவை நாலைந்து கட்டம் காலியாக, குரலும் அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். மூன்றாம் தடவை வெறும் கட்டமும் தாளமும் மட்டும். ராக்கெட், பொம்மை என்று பின்னால் ஓட விடாதீர்கள், கண் அங்கேதான் போகும்.

இரண்டு_பிள்ளை_அம்மா

சின்னவன் இப்போது எட்டாவது. அவன் பெயரெல்லாம் சொல்கிறான், குறியீடு எழுதச் சொன்னால் சோடியத்துக்கு So என்று எழுதுகிறான். பாட்டில் குறியீட்டையும் சேர்க்க வேண்டாமா?

சாக்பீஸ்_டீச்சர்

எனக்கும் அந்த யோசனை உண்டு அக்கா. சோடியம் Na, பொட்டாசியம் K, இரண்டிலும் எல்லோருமே தடுக்கி விழுகிறார்கள். லத்தீன் பெயர் நேட்ரியம், காலியம் என்று சொல்லிக்கொடுத்தால் நினைவில் நிற்கும், பாட்டிலேயே அப்படிப் போட்டுவிடலாமா?

பீக்கர்_60

நேட்ரியம் பரவாயில்லை. காலியத்தைப் பாட்டில் வைக்காதீர்கள். மேலே 31 என்று சொன்னேனே, அதற்கும் தமிழில் காலியம் என்றுதான் எழுதுகிறோம், அதன் குறியீடு Ga. மேல் வகுப்புக்குப் போனதும் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

முதல் 20இல் ஆங்கிலப் பெயரோடு ஒட்டாத குறியீடு இந்த இரண்டுதான், Na, K. மீதி 18க்கும் பெயரின் முதலெழுத்தோ, முதலெழுத்தும் இன்னொரு எழுத்துமோதான். இரண்டுக்காக முழுப் பாட்டையும் மாற்ற வேண்டாம், வீடியோவில் அந்த இரண்டு கட்டத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்துவிடுங்கள். பாட்டில் பெயர், கட்டத்தில் குறியீடு, அதுவே போதும்.

நல்லூரான்

சார், 18 என்பது ஆங்கிலப் பெயர் தெரிந்தவர்களுக்கு. எங்கள் பிள்ளை கந்தகத்துக்கு S என்றும் பொசுபரசுக்கு P என்றும் தமிழில் இருந்து எப்படி எடுப்பான்? ஐதரசனுக்கு H கூட அவனுக்குத் தனியாகப் படிக்க வேண்டியதுதான்.

பீக்கர்_60

நியாயம். சல்பர் என்றால் S எளிது, கந்தகம் என்றால் பொருள் எளிது, தீப்பெட்டியும் பட்டாசும் ஞாபகத்துக்கு வரும். எங்கள் புத்தகங்களிலேயே இரண்டு பெயரும் மாறி மாறி வருகிறது. வகுப்பில் நான் கந்தகம் என்றுதான் சொல்லிவந்தேன். பாட்டுக்கு எது என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

சாக்பீஸ்_டீச்சர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். போனைப் படுக்க வைத்துப் புது வீடியோ எடுத்தாயிற்று. 26 நொடிப் பாட்டு, மூன்று தடவை, நடுவில் ஐந்து ஐந்து நொடி இடைவெளி, மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்குள். எங்கள் தெருவில் பாட்டு கற்கிற ஒரு பெண் பிள்ளைகளுக்குத் தாளம் போடச் சொல்லிக்கொடுத்தாள், அதற்கே இரண்டு நாள் ஆனது. மோதிர விரலில்தான் எல்லோரும் சிக்குகிறார்கள்.

தேர்வில் இந்த முறை 15, 17, 6 மூன்றும் கேட்டேன். 14 பேரில் 11 பேர் 17 சரியாக எழுதினார்கள், ஒருவர்கூடச் சல்பர் எழுதவில்லை. ஹைட்ரஜனில் இருந்து ஆரம்பித்தவர்கள் இரண்டே பேர், மீதிப் பேர் நேராகச் சோடியத்தில் தட்ட ஆரம்பித்தார்கள். 15க்கு ஒரு பையன் கையை எடுக்காமலே ‘பத்து போனால் அஞ்சு, நடு விரலுக்கு அடுத்த தட்டு, பாஸ்பரஸ், 2, 8, 5’ என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது சார்.

ஆனால் புதுசாக ஒரு தப்பு முளைத்திருக்கிறது. 17 தவறவிட்ட மூன்று பேரும் ஃபுளூரின் என்று எழுதியிருக்கிறார்கள். அமைப்பு மட்டும் 2, 8, 7 என்று சரியாக இருக்கிறது.

பீக்கர்_60

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ஒரே இடம், ஒரே கை, ஒரே ஓசை முடிவு. பாட்டு சேர்த்து வைக்கிற அதே காரணத்தால் குழப்பவும் செய்யும். நைட்ரஜன், ஆக்சிஜன் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே மாதிரி முடிவதால் அவற்றையும் சிலர் மாற்றிச் சொல்வார்கள், 7ஐயும் 8ஐயும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டையும் ஓசையால் பிரிக்க முடியாது, பொருளால்தான் பிரிக்க வேண்டும். ஃபுளூரினுக்குப் பற்பசைக் குழாய், குளோரினுக்குத் தெருக் குடிநீர்த் தொட்டி, கட்டத்தின் மூலையில் சின்னப் படமாக. குளோரின் வாசனை பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மற்ற 18க்கும் படம் போட வேண்டாம், போட்டால் இந்த இரண்டும் தனித்துத் தெரியாது.

தனியாவர்த்தனம்

மெட்டாலும் பிரிக்கலாம் சார். இரண்டு வரியையும் ஒரே மெட்டில் பாடினதால்தான் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. லித்தியம் வரியைக் கீழ்க் குரலில், சோடியம் வரியை மேல் குரலில் பாடட்டும். தாளம் மாறாது, கை மாறாது, காது மட்டும் எந்த வரி என்று சொல்லிவிடும்.

சாக்பீஸ்_டீச்சர்

இரண்டையுமே செய்து பார்க்கிறேன். மகள் இன்றைக்கே மேல் குரலில் பாடிப் பார்த்தாள், ஆர்கானில் மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் இறக்கிப் பாடச் சொல்லியிருக்கிறேன்.

தனியாவர்த்தனம் அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் நடுவில் அந்த ஆறு எண்ணிக்கை மௌனம் நிற்கவே மாட்டேன் என்கிறது. மூன்றாவது நாளே பிள்ளைகள் அங்கே ‘தா தீம் தா தீம்’ என்று எதையாவது போட ஆரம்பித்துவிட்டார்கள். விட்டுவிடலாமா, அதையும் தனிமமாக எண்ணிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

தனியாவர்த்தனம்

ஜதி சொன்னால் பயமில்லை என்று நினைக்கிறேன், அது பெயர் மாதிரி ஒலிக்காது. ஆனால் ‘பார் தம்பி’யிலும் நீங்கள் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள். ஒரு வாரம் விட்டுப் பார்த்துவிட்டு 3, 4, 5 மூன்றையும் கேளுங்கள். யாராவது 3க்கு ஹீலியம் என்றால் மறுபடி மௌனத்துக்கே போய்விடலாம்.

இரண்டு_பிள்ளை_அம்மா

டீச்சர், புது வீடியோவை எனக்கும் அனுப்புங்கள். சின்னவனுக்கு அடுத்த வாரம் தேர்வு, நானும் கூடவே தாளம் போடக் கற்றுக்கொள்கிறேன்.